செக்யூரிட்டி, கிளீனிங், பராமரிப்பு ஒப்பந்தங்களுக்கு ஆண்டு பட்ஜெட் போடுவது: புதுப்பிப்பு உயர்வையும் சேர்த்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒப்பந்தச் சேவைகளுக்கு பட்ஜெட் போடச் சொன்னால் புதிதாக வருபவர்கள் அநேகமாக ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். போன வருடச் செலவை எடுத்து, பத்து வீதம் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து மாதக் கட்டங்களில் நிரப்பிவிடுகிறார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் செய்தேன். ஆகஸ்ட் மாத பில் வந்தபோது செக்யூரிட்டிக் கணக்கில் பணம் போதவில்லை. ஏன் போதவில்லை என்று முதலாளிக்கு விளக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

இங்கே ஒரே ஒரு உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். இலங்கையின் திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம் கடற்கரையோரமாக, முப்பத்தாறு அறைகள் கொண்ட ஒரு ஹோட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிதியாண்டு 2026 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை. ஒப்பந்த விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பதை அந்த இடத்தில் போடுங்கள்.

1. தொடங்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு ஒப்பந்தத்தின் கையெழுத்திட்ட பிரதி, கடைசிப் பன்னிரண்டு மாத பில்கள், கேட்டில் இருக்கும் வரவுப் பதிவேடு. இந்த மூன்றும் இல்லாமல் கணினியைத் திறக்க வேண்டாம்.

பதிவேடு எதற்கு என்று கேட்பார்கள். ஒப்பந்தத்தில் இரவுக்கு மூன்று பேர் என்று இருக்கும், பில்லிலும் மூன்று பேர் இருக்கும், பதிவேட்டில் பல இரவுகளில் இரண்டு கையெழுத்துத்தான் இருக்கும். அல்லது கார் பார்க்கிங்குக்கு என்று யாரோ தொலைபேசியில் கேட்டு வாங்கிய ஒரு மேலதிக ஆள், ஒப்பந்தத்தில் எங்குமே இல்லாமல் எட்டு மாதமாக பில்லில் வந்துகொண்டிருப்பார். பட்ஜெட்டுக்கு முன்னால் இதைத் தீர்க்காவிட்டால் பிழையான எண்ணிக்கைக்கு உயர்வு சேர்த்துக் கணக்குப் போடுவீர்கள்.

2. ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்களை மட்டும் எடுத்து எழுதுங்கள்

ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரு வரி. புதுப்பிக்கும் திகதி, முன்னறிவித்தல் காலம், ஆண்டு உயர்வு பற்றி என்ன எழுதியிருக்கிறது, அரசு சம்பளத்தை உயர்த்தினால் என்ன நடக்கும். இவ்வளவும் போதும்.

கடைசியாகச் சொன்ன வாசகத்தைத்தான் பலர் படிக்காமல் விடுகிறார்கள். "குறைந்தபட்ச வேதனம் சட்டப்படி உயர்ந்தால் அந்தத் திகதியிலிருந்தே விலை திருத்தப்படும்" என்ற பொருளில் ஒரு வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். அது இருந்தால் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு என்றாலும் விலை ஒரு வருடத்துக்கு நிற்காது.

2025இல் நடந்ததைப் பாருங்கள். தேசிய குறைந்தபட்ச மாத வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய் ஆனது, 2026 ஜனவரியில் 30,000 ஆனது. ஒன்பது மாதத்துக்குள் இரண்டு படி. 2024 கடைசியில் கையெழுத்திட்டு, "ஒரு வருடத்துக்கு விலை மாறாது" என்று நம்பிப் பட்ஜெட் போட்டவர்களுக்கு, ஏப்ரலிலிருந்து விலையைத் திருத்தும் ஒரு கடிதம் வந்தது. கடிதம் நியாயமானதுதான். ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தது.

3. முதலில் எண்ணிக்கை, பிறகுதான் விலை

விலையைத் தொடுவதற்கு முன்னால், மாதம் மாதமாக எத்தனை ஷிப்ட், எத்தனை ஆள் என்று எழுதி முடியுங்கள். இரண்டையும் கலந்தால் பிறகு செலவு கூடும்போது ஆள் கூடியதாலா விலை கூடியதாலா என்று பிரிக்கவே முடியாது.

நமது ஹோட்டலில் செக்யூரிட்டி 12 மணி நேர ஷிப்ட். பகலில் இருவர், இரவில் மூவர். நாளுக்கு 5 ஷிப்ட், வருடத்துக்கு 365 × 5 = 1,825 ஷிப்ட். மாதம் 30 நாள் என்று எடுத்து 150ஐப் பன்னிரண்டால் பெருக்குபவர்கள் 1,800 என்று வருவார்கள். அந்த இருபத்தைந்து ஷிப்டுக்கும் பில் வரத்தான் செய்யும்.

ஆள் வராத நாட்களுக்கு முன்கூட்டியே கழிக்க வேண்டாம். வராத ஷிப்டுக்குப் பணம் கொடுக்காதது பில் சரிபார்ப்பவரின் வேலை. அதை நம்பிப் பட்ஜெட்டைக் குறைத்தால், எல்லோரும் ஒழுங்காக வேலைக்கு வந்த மாதத்தில் உங்களுக்குப் பற்றாக்குறை வரும்.

சித்திரைப் புத்தாண்டு, போயா போன்ற நாட்களுக்குத் தனி விலை இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். இருந்தால் அந்த ஷிப்டுகளைத் தனி வரியில் எழுதுங்கள்.

4. விலையை இரண்டாகப் பிரியுங்கள்

இந்தக் கட்டத்துக்கு நேரம் கொடுங்கள். மற்றதெல்லாம் கூட்டல் பெருக்கல்தான்.

ஒரு ஷிப்டுக்கு ஒப்பந்தகாரர் கேட்கும் பணத்தில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று, ஊழியரோடு சேர்ந்து ஏறுவது: அடிப்படைச் சம்பளம், மேலதிக நேரம், ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டும் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், பணிக்கொடைக்கான ஒதுக்கீடு. மற்றது, சீருடை, சப்பாத்து, டோர்ச், மேற்பார்வையாளரின் மோட்டார் சைக்கிள் பெற்றோல், அலுவலகச் செலவு, லாபம். இந்த இரண்டும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. அதனால் முழு விலைக்கும் ஒரே வீதத்தைப் போடக்கூடாது.

பிரிவை ஒப்பந்தகாரரிடமே எழுத்தில் கேளுங்கள். முதலில் தயங்குவார்கள். "அடுத்த வருட உயர்வை நியாயமாகப் போடத்தான் கேட்கிறேன், உங்கள் லாபத்தைக் குறைக்க அல்ல" என்று சொன்னால் பெரும்பாலும் தருவார்கள். தராவிட்டால் புதிய கொட்டேஷன் கேட்கும்போது அந்தப் பிரிவைப் படிவத்திலேயே கட்டாயமாக்குங்கள்.

நமது உதாரணத்தில் ஒரு ஷிப்ட் 3,400 ரூபாய். அதில் சம்பளப் பகுதி 2,600, மற்றது 800. ஒப்பந்தம் ஜூலை 1இல் புதுப்பிக்கப்படும். சம்பளப் பகுதி 10 வீதம் ஏறும், மற்றது 5 வீதம் ஏறும் என்று எடுத்தால்:

சம்பளப் பகுதி 2,860, மற்றது 840, புதிய விலை 3,700. மொத்த உயர்வு 8.8 வீதம்.

ஒப்பந்தகாரர் "சம்பளம் பத்து வீதம் கூடிவிட்டது, அதனால் பத்து வீதம் கேட்கிறோம்" என்று வந்தால் 3,740 ஆகும். இந்த 40 ரூபாய் வித்தியாசத்தைப் பேச உங்கள் கையில் கணக்கு இருக்கிறது. சும்மா "குறையுங்கள்" என்று கேட்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

அதேநேரம், விலை மிகக் குறைவாக வந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம். கிளீனிங்குக்கு ஒரு ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச வேதனம் 30,000, அதற்கு 12 வீதமும் 3 வீதமும் சேர்த்தால் 4,500. ஆக, ஒருவருக்கு 34,500. இதில் லீவுக்கு வரும் மாற்று ஆள் இல்லை, மேலதிக நேரம் இல்லை, சீருடை இல்லை, லாபம் இல்லை. அப்படியிருக்க யாராவது 37,000 ரூபாய்க்கு நாளுக்குப் பத்து மணி நேரம் ஆள் தருகிறேன் என்றால், எங்கோ ஒரு தொழிலாளியின் பணம் வெட்டுப்படுகிறது. சேமலாப நிதிக்குக் கட்டிய மாதாந்த சி படிவத்தின் பிரதியைக் கேளுங்கள், உங்கள் இடத்தில் வேலை செய்பவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த விலையை பட்ஜெட்டுக்கு அடிப்படையாக எடுக்காதீர்கள். அது நியாயமும் இல்லை. நடுவருடத்தில் ஆட்கள் விட்டுப்போக, அவசரமாக வேறு இடத்தில் கூடிய விலைக்கு ஆள் எடுக்கவும் நேரும்.

5. புதுப்பிப்பு மாதத்தில் கணக்கை உடையுங்கள்

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, ஒப்பந்தம் ஜூலையில் புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே ஒரே வருடத்துக்குள் இரண்டு விலைகள்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை 91 நாட்கள், 455 ஷிப்ட், ஒன்று 3,400. மொத்தம் 15,47,000 ரூபாய்.

ஜூலை முதல் மார்ச் வரை 274 நாட்கள், 1,370 ஷிப்ட், ஒன்று 3,700. மொத்தம் 50,69,000 ரூபாய்.

வருடத்துக்கு 66,16,000 ரூபாய்.

இரண்டு பக்கத்துப் பிழைகளையும் பாருங்கள். பழைய விலையை முழு வருடத்துக்கும் போட்டிருந்தால் 62,05,000 வரும், 4,11,000 குறையும். உயர்வை ஏப்ரலில் இருந்தே போட்டிருந்தால் 67,52,500 வரும், 1,36,500 தேவையில்லாமல் முடங்கும். இரண்டாவது பிழையைப் "பாதுகாப்பானது" என்று சிலர் சொல்வார்கள். ஆனால் ஏப்ரல், மே, ஜூனில் மிச்சம் காட்டும் கணக்கைப் பார்த்து, மேலாளர் அந்தப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிடுவார். அதைச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எக்செல்லில் A நிரலில் மாதத்தின் முதல் நாள், B நிரலில் ஷிப்ட் எண்ணிக்கை, F1இல் புதுப்பிப்புத் திகதி, F2இல் பழைய விலை, F3இல் புதிய விலை என்று வைத்து இதை எழுதுங்கள்:

```
=B2*IF(A2<$F$1,$F$2,$F$3)
```

இதனால் பேச்சுவார்த்தையில் விலையோ திகதியோ மாறினால் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும். ஒப்பந்தம் மாத நடுவில், உதாரணமாக 15ஆம் திகதி, புதுப்பிக்கப்பட்டால் அந்த மாதத்தை இரண்டு வரிகளாக எழுதுங்கள். இல்லாவிட்டால் சூத்திரம் மாதம் முழுவதையும் பழைய விலையில் எடுத்துவிடும்.

6. கிளீனிங்: சீசனும் புதுப்பிப்பும் சந்திக்கும் இடம்

திருகோணமலையில் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. மழைக்காலத்தில் கடற்கரை வெறிச்சோடும். தெற்குக் கரையில் ஹோட்டல் நடத்துபவரின் பட்ஜெட்டைப் பார்த்து எழுதினால் எல்லா மாதமும் தலைகீழாகிவிடும்.

நமது ஹோட்டலில் சாதாரண மாதத்துக்கு ஆறு கிளீனிங் ஆட்கள், சீசனில் ஒன்பது பேர். ஒருவருக்கு மாதம் 62,000 ரூபாய். ஒப்பந்தம் ஜனவரி 1இல் புதுப்பிக்கப்பட்டு 67,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம்.

ஆள்-மாதமாக எண்ணுங்கள். சீசன் ஐந்து மாதம் × 9 = 45. ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் நான்கு மாதம் × 6 = 24. இந்த 69க்கும் பழைய விலை: 42,78,000. ஜனவரி முதல் மார்ச் மூன்று மாதம் × 6 = 18க்குப் புதிய விலை: 12,06,000. மொத்தம் 54,84,000 ரூபாய்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. புதுப்பிப்பு மழைக்காலத்தில், ஆட்கள் குறைந்த நேரத்தில் வருவதால், இந்த வருடத்தில் உயர்வின் பாரம் வெறும் 90,000 ரூபாய்தான். "ஒரு ஆளுக்கு ஐயாயிரம்தானே, சரி" என்று கையெழுத்திடத் தோன்றும். அதே 67,000 அடுத்த வருடத்தின் 87 ஆள்-மாதத்துக்கும் போகும்போது 58,29,000 ஆகிறது. அதாவது அடுத்த உயர்வு வருவதற்கு முன்னாலேயே 3,45,000 கூடிவிட்டது. எந்தப் புதுப்பிப்பிலும் இந்த வருடச் செலவையும் அடுத்த முழு வருடச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துத்தான் பேச வேண்டும்.

இன்னொன்று. சீசன் முடிந்ததும் ஒன்பதை ஆறாகக் குறைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா? குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை எட்டு என்று எங்காவது எழுதியிருந்தால் இந்தக் கணக்கே பிழை. குறைக்க முப்பது நாள் முன்னறிவித்தல் வேண்டும் என்றால், ஆகஸ்ட் கடைசியில் கடிதம் போகாவிட்டால் ஒக்டோபரிலும் ஒன்பது பேருக்குக் கட்ட வேண்டும்.

7. பராமரிப்பு: கூலி ஒரு பக்கம், உதிரிப்பாகம் மறுபக்கம்

ஏசி, ஜெனரேட்டர், தீயணைப்பு உபகரணம், பூச்சி மருந்து இவற்றுக்கான வருடாந்த ஒப்பந்தங்களில் கணக்கு வேறு மாதிரி. ஒப்பந்தத் தொகை வருகைகளுக்கும் கூலிக்கும் மட்டும் இருக்கும், உதிரிப்பாகங்கள் அதற்கு வெளியே இருக்கும். இதைக் கவனிக்காமல் ஒப்பந்தத் தொகையை மட்டும் பட்ஜெட்டில் போடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை.

கடற்கரையில் உப்புக்காற்று ஏசியின் வெளி யூனிட்டை அரித்துவிடும். அலுமினியத் தகடுகள் பொடியாக உதிரத் தொடங்கினால் சர்வீஸ் செய்து பயன் இல்லை, கொண்டென்சரையே மாற்ற வேண்டும். நகரத்துக்குள் இருக்கும் கட்டடத்தின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. கடந்த மூன்று வருட பில்களில் உதிரிப்பாகத்துக்குப் போனதை மட்டும் பிரித்தெடுத்து ஒரு தனி வரி போடுங்கள்.

இந்த இரண்டு வரிகளும் வெவ்வேறு காரணத்தால் ஏறுகின்றன. கூலி சம்பளத்தோடு போகும், உதிரிப்பாகம் டொலரோடு போகும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அப்போது ஒப்பந்தத்துக்குள் உதிரிப்பாகமும் அடக்கம் என்று எழுதியிருந்த சில ஒப்பந்தகாரர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

கொழும்பிலிருந்து தொழில்நுட்பவியலாளர் வரும் ஒப்பந்தமென்றால் பயணமும் தங்குமிடமும் யார் செலவு என்று பாருங்கள். அவசர அழைப்புக்கு அது தனியாக வந்தால் வருடத்துக்கு எத்தனை அழைப்பு வந்தது என்று எண்ணிச் சேருங்கள்.

8. வரியைக் கடைசியில், தனி நிரலில்

மேலே வந்த எல்லாத் தொகைகளும் வரிக்கு முந்தியவை. வரியை விலைக்குள் கலந்துவிட்டால், வரி வீதம் மாறும் நாளில் முழுக் கணக்கையும் திரும்பப் போட வேண்டிவரும். பெறுமதி சேர் வரி 2022க்குள்ளேயே இரண்டு முறை மாறியது, 2024 ஜனவரியில் 18 வீதமானது.

பதிவுசெய்த ஒப்பந்தகாரர் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 வீதத்தைச் சேர்த்து, அதற்கு மேல் 18 வீதம் போடுவார். இரண்டையும் கூட்டி 20.5 என்று எடுக்க வேண்டாம். 66,16,000க்கு முதலில் 1,65,400 சேரும். வரும் 67,81,400க்கு 18 வீதம் 12,20,652. மொத்தம் 80,02,052 ரூபாய்.

உங்கள் நிறுவனம் பெறுமதி சேர் வரிக்குப் பதிவாகி, அதைக் கழித்துக்கொள்ளக்கூடியதாக இருந்தால் செலவு 67,81,400. ஆனால் காசு முதலில் 80 லட்சம் வெளியே போகும், அதைப் பணப்புழக்கத் தாளில் காட்ட வேண்டும். பதிவில்லாத விருந்தினர் இல்லம் என்றால் முழு 80 லட்சமும் செலவுதான். இதை உங்கள் கணக்காளரிடம் ஒரு முறை உறுதிசெய்துவிட்டு எழுதுங்கள்.

சிறிய ஒப்பந்தகாரர் இன்று வரி இல்லாமல் பில் தரலாம். அவருடைய விற்பனை வளர்ந்து பதிவுக்குள் வந்தால் அடுத்த மாதமே விலை ஐந்திலொரு பங்கு கூடும். புதுப்பிக்கும்போது "பதிவாகப் போகிறீர்களா" என்று நேராகக் கேளுங்கள்.

9. கடிதம் பிந்தினாலும் உயர்வு பிந்தாது

ஜூலையில் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தம் பேச்சில் இழுபட்டு செப்டெம்பர் கடைசியில்தான் கையெழுத்தாகும். அதுவரை பழைய விலையில் பில் வரும், கணக்கில் மிச்சம் தெரியும். பிறகு ஜூலை 1இலிருந்து நிலுவை கேட்பார்கள். 92 நாட்கள், 460 ஷிப்ட், ஒன்றுக்கு 300 ரூபாய்: 1,38,000 ஒரே பில்லில்.

ஆகவே கையெழுத்தாகும் வரை ஒவ்வொரு மாதமும் அந்த 300 ரூபாய் வித்தியாசத்தைச் செலவாகப் பதிந்து ஒதுக்கி வையுங்கள். ஜனவரியில் புதுப்பிக்கும் கிளீனிங் ஒப்பந்தத்தில் இது இன்னும் முக்கியம். ஏப்ரலில் கையெழுத்தானால் நிலுவை அடுத்த நிதியாண்டில் வந்து விழும், அந்த வருடத்தின் பட்ஜெட்டில் அதற்கு இடமே இருக்காது.

10. அடுத்த வருட அடிப்படை எது

செக்யூரிட்டியின் இந்த வருடச் சராசரி விலை 66,16,000 ÷ 1,825, அதாவது 3,625 ரூபாய். அடுத்த பட்ஜெட்டை அதிலிருந்து தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். 2027 ஏப்ரல் 1 அன்று நீங்கள் உண்மையில் கொடுக்கும் விலை 3,700. எப்போதும் மார்ச் மாத பில்லில் உள்ள விலையில் இருந்து தொடங்குங்கள்.

அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் சம்பள அறிவிப்பு வந்ததும் நான்காம் கட்டத்துக்குத் திரும்பிப் போய் சம்பளப் பகுதியை மட்டும் மாற்றுங்கள். அதற்கென்று எதிர்பாராச் செலவுக்கு ஒரு தொகை ஒதுக்கி வைத்திருந்தால் அதை ஒப்பந்தத் தொகைக்குள் ஒளித்து வைக்காதீர்கள். தெரிகிற இடத்தில், எதற்கு என்று எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் 90 நாட்களுக்கு முன் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஜூலை 1 ஒப்பந்தத்துக்கு அது ஏப்ரல் 2. அன்றைக்கே விலைப் பிரிவைக் கேட்டு ஒப்பந்தகாரருக்குக் கடிதம் போகட்டும். அவர் தரும் விலை பொருந்தாவிட்டால் வேறு இரண்டு இடத்தில் கொட்டேஷன் வாங்கி, ஆட்களைப் பார்த்து, முன்னறிவித்தலும் கொடுத்து முடிக்க அவ்வளவு நாள் வேண்டும். ஜூன் கடைசி வாரத்தில் சீசன் நடுவில் நின்றுகொண்டு பேசினால், அவர் சொல்லும் விலைக்குத்தான் தலையாட்ட வேண்டியிருக்கும்.